ஒரே அறிவுரை இருவருக்கும் பொருந்தாது: கர்ப்பகாலத்தில் சிகரெட்டையும் மதுவையும் நிறுத்த உதவிய அனுபவம்

சிகரெட் பிடிக்கும் கர்ப்பிணியிடம் "இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்" என்று தயங்காமல் சொல்லலாம். தினமும் நிறையக் குடித்து உடல் அதற்குப் பழகிவிட்ட கர்ப்பிணியிடம் அதையே சொல்லி வீட்டுக்கு அனுப்பினால், இரண்டு நாளில் அவர் வலிப்பு வந்து ஆம்புலன்ஸில் திரும்பி வரலாம். நம்மவர்கள் பலரும் இதைத் தலைகீழாகவே நம்புகிறார்கள். "சிகரெட்டைத் திடீரென்று விட்டால் பிள்ளைக்கு அதிர்ச்சியாம், மெல்ல மெல்லக் குறைக்க வேண்டுமாம்" என்பார்கள். குடியைப் பற்றிப் பேச்சு வந்தால் "மனம் வைத்தால் ஒரே நாளில் விடலாம்" என்பார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோர நகரம் ஒன்றில் பல வருடங்களாக மருத்துவமாதுவாக வேலை செய்கிறேன். முதலில் பார்க்கும்போது பெரும்பாலான பெண்களுக்கு எட்டு முதல் பத்து வாரம் ஆகியிருக்கும். நீளமான சந்திப்பு அது. இரத்த அழுத்தம், குடும்ப வரலாறு, பழைய பிரசவங்கள் என்று கேட்டுக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கையடக்கக் கருவி ஒன்றை நீட்டி ஊதச் சொல்வோம். மூச்சை நன்றாக இழுத்து, பதினைந்து விநாடி அடக்கி, குழாய்க்குள் மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அது எண்ணாகக் காட்டும். புகைக்கிறவர், புகைக்காதவர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் கொடுப்பது இங்கே நடைமுறை. நான்கோ அதற்கு மேலோ வந்தால் பேச ஒரு விஷயம் இருக்கிறது என்று பொருள்.

எல்லோரிடமும் கொடுப்பதில்தான் அந்தக் கருவியின் பயன் இருக்கிறது என்பேன். "உங்களைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது" என்று யாரிடமும் சொல்லாமல் சொல்லவேண்டிய நிலை வராது. தவிர, எண் எப்போதும் சிகரெட்டையே காட்டுவதும் இல்லை. வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத ஒரு பெண்ணுக்கு ஒன்பது காட்டியது. விசாரித்ததில் அவர் வீட்டு எரிவாயுக் கொதிகலன் பழுதாகி நச்சுவாயு கசிந்துகொண்டிருந்தது. தலைவலியைக் கர்ப்பத்தின் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். மறுபுறம், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம் ஊர்ப் பெண்களுக்குக் கருவி ஒன்றும் காட்டாது. எரித்தால்தானே அந்த வாயு வரும். ஆனால் நிகோட்டின் இரத்தத்தில் நிறையவே இருக்கும். குழந்தையின் எடை குறைவதும் வயிற்றிலேயே இறப்பதும் மெல்லும் புகையிலையாலும் நேர்கிறது. அதனால் தமிழ்ப் பெண்களிடம் "வெற்றிலை போடுவீர்களா, அதில் என்ன வைப்பீர்கள்?" என்று நான் தனியாகவே கேட்பேன்.

ஜென்னி என்று வைத்துக்கொள்வோம்; உண்மைப் பெயர் அதுவல்ல. இருபத்து நான்கு வயது, இரண்டாவது கர்ப்பம், பத்து வாரம். கருவி 19 காட்டியது. ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட், தானே சுருட்டிக்கொள்வது. முதல் குழந்தை முப்பத்தெட்டு வாரத்தில் 2.2 கிலோவில் பிறந்திருந்தது. அந்த எடையைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார்: "பரவாயில்லை, சின்னக் குழந்தை, பிரசவம் சுலபமாக இருந்தது." அந்த ஊரில் தாய் மகளுக்குச் சொல்லும் கதை இது. நான் அதை மறுத்து வாதாடவில்லை. சின்னக் குழந்தை ஏன் சின்னதாக இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன்.

இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்தால் எளிதில் எழுந்திருப்பதில்லை. குழந்தையின் இரத்தம் அதைத் தாயின் இரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. தாயின் மூச்சிலிருந்து அது வெளியேறிய பிறகும் குழந்தையிடம் தங்கியிருக்கிறது. இன்னொரு பக்கம் நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தமும் குறைகிறது. ஆக, வரும் இரத்தமும் குறைவு, அதில் இருக்கும் ஆக்சிஜனும் குறைவு. புகைக்கும் தாயின் குழந்தை சராசரியாக 150 முதல் 250 கிராம் வரை எடை குறைந்து பிறக்கிறது. அப்படி வளர்ந்த குழந்தைக்குப் பிரசவ வலியின் நெருக்கடியைத் தாங்கும் சேமிப்பு இல்லை. பிரசவம் சுலபம் என்று நினைத்த இடத்தில்தான் அதன் இதயத் துடிப்பு விழுகிறது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதும், குறைமாதப் பிரசவமும், பிறந்த பின் தூக்கத்தில் திடீர் மரணமும் இவர்களிடம் கூடுதல். வளரும் மூளையில் நரம்பணுக்கள் எங்கே போய் இணைவது என்பதை வழிநடத்தும் ஏற்பிகளிலேயே நிகோட்டினும் போய் ஒட்டுகிறது. பின்னாளில் கவனக் குறைபாடு இந்தக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வறுமை, பரம்பரை ஆகியவற்றிலிருந்து இதை முழுதாகப் பிரித்துச் சொல்வது கடினம்.

ஜென்னி இவற்றைக் கேட்டுவிட்டு, நிறுத்தமாட்டேன், குறைக்கிறேன் என்றார். பன்னிரண்டாவது வாரம் வந்தபோது ஒரு நாளைக்கு ஐந்துதான் என்றார். ஊதச் சொன்னேன், 16. பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எண்ணிக்கை குறையும்போது உடல் தனக்கு வேண்டிய நிகோட்டினை விடாது. ஒவ்வொரு இழுப்பும் ஆழமாகும், புகை நுரையீரலில் அதிக நேரம் நிற்கும், சிகரெட் அடிவரை எரியும். "நீங்கள் உண்மையாகவே குறைத்திருக்கிறீர்கள், ஆனால் அது குழந்தைக்குப் போய்ச் சேரவில்லை" என்றேன். தான் பட்ட பாட்டுக்கு மூன்று புள்ளிதான் இறங்கியிருக்கிறது என்று அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் என் மேல் அல்ல, சிகரெட்டின் மேல். அன்றைக்குத்தான் அவர் நிறுத்துவதைப் பற்றிப் பேசினார்.

நான் முதலில் கேட்டது, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பது. "கண் திறந்து ஐந்து நிமிடம்." ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட இந்த விடைதான் பிடிமானத்தின் ஆழத்தைக் காட்டும். ஐந்து நிமிடம் என்கிறவருக்கு வெறும் மனஉறுதி போதாது. நிகோட்டின் மருந்து வேண்டும். இங்கே பலரும் அதிர்ச்சியடைவார்கள்: கர்ப்பிணிக்கு நிகோட்டினா? நிகோட்டின் நல்லதல்ல. ஆனால் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையில் கார்பன் மோனாக்சைடு இல்லை, தார் இல்லை, சிகரெட்டுக்குள் எரியும் ஆயிரக்கணக்கான மற்றப் பொருள்களும் இல்லை. சிகரெட்டோடு ஒப்பிட்டே அதைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பகாலத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஈரல் நிகோட்டினை வழக்கத்தைவிட மிக வேகமாக உடைத்து வெளியேற்றும். மற்றவர்களுக்கு நாள் முழுக்கத் தாங்கும் பட்டை கர்ப்பிணிக்கு மாலை நான்கு மணிக்கே போதாமல் போகும். "பட்டை ஒட்டினேன், வேலை செய்யவில்லை" என்று வரும் பெண்களில் பலருக்குப் போதிய அளவு கிடைத்திருக்காது. ஜென்னிக்குப் பகலில் மட்டும் ஒட்டும் பதினாறு மணி நேரப் பட்டையும், தேவைப்படும்போது வாயில் அடிக்கும் ஸ்பிரேயும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரவில் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். தூங்கும் நேரத்தில் குழந்தைக்கு நிகோட்டின் தேவையில்லை. முதலில் அவருக்குக் கொடுத்தது சூயிங்கம். அதைச் சாதாரண மிட்டாய் போல மென்று விழுங்கிக் குமட்டல் வந்து, மசக்கை என்று நினைத்து விட்டுவிட்டார். அதை இரண்டு மூன்று தடவை மென்று, காரம் வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். உமிழ்நீரோடு விழுங்கினால் நிகோட்டின் வயிற்றைத்தான் புரட்டும்.

நாள் குறித்து நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து 2. கருவியின் எண்ணைத் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். சிகரெட்டை நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் இந்த எண் புகைக்காதவரின் அளவுக்கு வந்துவிடும். வேறு எந்த நல்ல காரியத்தின் பலனும் இவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதன் மறுபக்கம், ஒரு நாள் மட்டும் புகைக்காமல் வந்தாலும் எண் குறைந்துதான் இருக்கும். அதனால் குறைந்த எண்ணைப் பார்த்து நாம் ஏமாறவும் கூடாது.

பிறகு ஒரு சந்திப்பில் 9. அறைக்குள் வரும்போதே முகம் வாடியிருந்தது. துணைவரின் பிறந்தநாள், வீட்டில் கூட்டம், மூன்று சிகரெட் என்றார். "அதற்குப் பிறகு?" என்று கேட்டேன். நேற்று இரண்டு. சறுக்கிய பிறகு "எல்லாம் போய்விட்டது" என்று மனம் சொல்லும் அந்த இரண்டு மூன்று நாள்கள்தான் ஆபத்து. அன்றே ஸ்பிரேயைக் கையில் கொடுத்து, பட்டையைத் திரும்ப ஒட்டவைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னேன். முக்கியமாகத் துணைவரையும் அழைத்து வரச் சொன்னேன். அவருக்கு 24. "வெளியே போய்த்தானே பிடிக்கிறேன்" என்றார். உண்மைதான், புகை வீட்டுக்குள் வருவதில்லை. ஆனால் சிகரெட் பெட்டி சமையலறை மேசையில் கிடந்தது. அவரும் பட்டை ஒட்டிக்கொண்டார். முழுதாக விடவில்லை, ஆனால் பெட்டி காருக்குள் போனது. அது போதுமானதாக இருந்தது.

எங்கள் பகுதியில் கடைக் கூப்பனும் உண்டு. ஊதிக் காட்டி, எண் நான்குக்குக் கீழே இருந்தால் பெண்ணுக்குப் பொருள் வாங்கும் கூப்பன் கிடைக்கும். இதைச் சொன்னால் என் சொந்தக்காரர்கள் கொதிக்கிறார்கள்: "கெட்ட பழக்கத்தை விட்டதற்குக் காசா?" கிளாஸ்கோவில் 612 கர்ப்பிணிகளை வைத்து இதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் கர்ப்பத்தின் கடைசிப் பகுதியில் புகைக்காமல் இருந்தவர்கள் 100க்கு 9 பேர். அதோடு 400 பவுண்டு வரை கூப்பனும் பெற்றவர்களில் 100க்கு 23 பேர். குறைமாதக் குழந்தை ஒன்றுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் ஆகும் செலவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன், எனக்கு இதில் எந்தக் கூச்சமும் இல்லை.

ஜென்னி முப்பத்தாறாவது வாரம் ஊதியபோது 1. குழந்தை 3.1 கிலோ. ஒரே பெண்ணின் இரண்டு குழந்தைகளை வைத்து எதையும் நிறுவ முடியாது. இரண்டாவது குழந்தை பொதுவாகவே சற்றுக் கூடுதல் எடையோடு பிறக்கும். ஆனால் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சுமார் 2,500 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, பதினைந்து வாரத்துக்கு முன் நிறுத்தியவர்களிடம் குறைமாதப் பிரசவமும் எடைக்குறைவும் புகைக்காதவர்களின் அளவிலேயே இருந்ததாகக் காட்டியது. அதற்குப் பிறகு நிறுத்தினாலும் பயன் உண்டு. குழந்தை எடை போடுவது கடைசி மாதங்களில்தானே.

மதுவுக்கு இப்படி ஊதிப் பார்க்கும் எண் கிடையாது. முந்தைய நாள் குடித்தது மறுநாள் மதியம் மூச்சில் இருக்காது. அங்கே நம்மிடம் இருப்பது கேள்வி மட்டும்தான். அதனால் கேட்கும் விதமே எல்லாம். "நீங்கள் குடிப்பதில்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற விடையை நாமே கையில் கொடுத்துவிட்டோம். நான் கேட்பது: "கர்ப்பம் என்று தெரிவதற்கு முன், ஒரு சாதாரண வாரத்தில் எவ்வளவு குடிப்பீர்கள்?" கர்ப்பத்துக்கு முந்தைய காலத்தைப் பற்றிச் சொல்வதில் குற்ற உணர்வு குறைவு. அதைச் சொல்லிவிட்டால், "தெரிந்த பிறகு அது எப்படி மாறியது?" என்பது இயல்பாக வரும். "ஒரு கிளாஸ்" என்றால் எந்தக் கிளாஸ் என்றும் கேட்க வேண்டும். வீட்டில் ஊற்றும் கிளாஸ் கடையின் இரண்டு கிளாஸாக இருக்கும்.

தமிழ்ப் பெண்ணிடம் இதைக் கேட்க இன்னொரு நிபந்தனை உண்டு: அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. சுதா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்புக்குக் கணவரும் மாமியும் வந்திருந்தார்கள். மாமியே பதில் சொன்னார்: "எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமெல்லாம் இல்லை." இங்கே ஒவ்வொரு பெண்ணையும் ஒரு தடவையாவது தனியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி, வீட்டில் அடி உதை உண்டா என்று கேட்பதற்காக வந்த விதி. பதினாறாவது வாரம் இரத்தம் எடுக்கும்போது அவர் தனியாக இருந்தார். காலை பத்து மணி. நீட்டிய கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்திருந்தது, வாயில் புதினா மிட்டாய் வாசம். முன்பு வந்த இரத்த அறிக்கையில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. நிறையக் குடித்தால் அப்படி ஆகும். ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் ஆகலாம், அதனால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, நான் சொன்னால் பிள்ளையை எடுத்துவிடுவார்களா?" என்றார்.

இந்த இடத்தில் "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது, அது பொய்யாகிவிடும். "மருத்துவரிடம் சொல்வேன். பிள்ளைக்கு ஆபத்து என்றால் சமூக சேவைப் பிரிவிலும் பேச வேண்டியிருக்கும். அப்படிப் பேசும் முன் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன். உதவி கேட்டு வந்த தாயையும் ஒளித்த தாயையும் அவர்கள் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை" என்றேன். மாமியிடமும் கணவரிடமும் சொல்வது அவர் விருப்பம் என்பதையும் சொன்னேன். அவருக்கு உண்மையான பயம் அதுதான்.

கணவருக்கு இரவு வேலை. முதல் கரு கலைந்த பிறகு தூக்கம் வராமல் தொடங்கியது. இப்போது ஒரு போத்தல் வோட்கா இரண்டு நாளுக்கு. இங்கே மதுவை யூனிட்டில் கணக்கிடுவோம், ஒரு யூனிட் என்றால் பத்து மில்லிலிட்டர் தூய மதுசாரம். 700 மில்லிலிட்டர் போத்தலில் ஏறக்குறைய 26 யூனிட். ஆகவே நாளொன்றுக்கு 13. இங்கே கர்ப்பிணிகளுக்கு 2016 முதல் சொல்லப்படுவது சுழியம். "நிறுத்திப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "போன மாதம் ஒரு நாள் நிறுத்தினேன் அக்கா. மாலைக்குள் உடம்பெல்லாம் ஆடியது, வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது. கொஞ்சம் குடித்ததும் அடங்கியது."

காலை நடுக்கம், வேர்வை, குடித்தால் அடங்குவது: இந்த மூன்றையும் கேட்டால் "உடனே நிறுத்து" என்ற சொல் வாயில் வரக்கூடாது. மூளை பல மாதங்களாக மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை முறுக்கிவைத்திருக்கிறது. மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். வலிப்பு வரலாம், சித்தப்பிரமை வரலாம், தாயும் குழந்தையும் இறக்கவும் கூடும். மருத்துவமனையில் சேரும்வரை வழக்கமாகக் குடிக்கும் அளவைத் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். ஒரு மருத்துவமாது கர்ப்பிணியிடம் இப்படிச் சொல்வதைக் கேட்டால் மாமி மயங்கி விழுந்திருப்பார். அன்று மாலையே அவருக்குப் படுக்கை கிடைத்தது.

வார்டில் குளோர்டயசெபாக்சைடு என்ற மாத்திரையை முதல் நாள் கூடுதலாகத் தொடங்கி, நடுக்கத்தையும் நாடித்துடிப்பையும் அளந்து அளந்து, ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். அந்த மாத்திரை குழந்தைக்கு முழுக்கப் பாதுகாப்பானது என்று யாரும் சொல்லவில்லை, வலிப்பைவிடப் பாதுகாப்பானது. கூடவே தயமின், அதாவது பி1 உயிர்ச்சத்து, ஊசியாகப் போனது. நீண்ட நாள் குடித்தவர்களின் உடலில் அது வற்றியிருக்கும். போடாவிட்டால் தாயின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு தடவை போதை மருத்துவத் தாதியையும் என்னையும் பார்த்தார். தூக்கத்துக்கும், கலைந்த கருவின் துக்கத்துக்கும் தனியாக உளவள ஆலோசனை. அதைத் தொடாமல் போத்தலை மட்டும் எடுத்திருந்தால் நிலைத்திருக்காது என்பது என் எண்ணம். நடுவில் இரண்டு தடவை குடித்தார். இரண்டு தடவையும் அவரே தொலைபேசியில் சொன்னார்.

பதினாறு வாரம் வரை குடித்தாயிற்றே, இனி நிறுத்தி என்ன என்று அவர் ஒருநாள் கேட்டார். கருவின் முகம் உருவாவது மிக ஆரம்பத்தில், பலருக்குக் கர்ப்பம் என்றே தெரியாத வாரங்களில். அப்போது நிறைய மது போனால் கண் பிளவு சிறுத்து, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலான பள்ளம் மழுங்கி, மேலுதடு மெலிந்து பிறக்கலாம். 1968இல் பிரான்ஸின் நாந்த் நகரில் லெமுவானும், 1973இல் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் குடித்த தாய்மாரின் குழந்தைகளிடம் எழுதிவைத்தவற்றில் இந்த முகமும் உண்டு. ஆனால் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையோருக்கு முகம் சாதாரணமாகவே இருக்கும். மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது. மது எந்த மாதத்திலும் அதைத் தொடும். தாயின் இரத்தத்தில் உள்ள அதே அளவு குழந்தைக்கும் போகிறது. அதை உடைக்கும் திறன் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு; சிறுநீராகப் பனிக்குட நீருக்குள் போனதைக் குழந்தை திரும்ப விழுங்குகிறது. ஆகவே பதினாறாவது வாரம் நிறுத்தினால், மீதி இருபத்து நான்கு வார மூளை வளர்ச்சியில் மது இல்லை. சுதாவுக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

வேறொரு வகைப் பெண்களும் வருவார்கள்: கர்ப்பம் தெரியாமல் ஒரு கல்யாண வீட்டில் வைன் குடித்துவிட்டு, கருவைக் கலைக்க வேண்டுமா என்று அழுதுகொண்டு. அவர்களிடம் சொல்வது எளிது. இனி வேண்டாம்; நடந்தவற்றுக்கான ஆபத்து குறைவாகவே இருக்கும்; அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை. அவர்களுக்கு நடுக்கமும் வராது, வார்டும் வேண்டாம்.

இரண்டு பழக்கங்களுக்கும் பொதுவான ஓர் ஆபத்துக் காலம் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள். "பிள்ளைக்காக விட்டேன், பிள்ளை பிறந்துவிட்டது" என்ற நினைப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து பலரைத் திரும்பக் கொண்டுபோய் விடும். முப்பத்தாறாவது வாரத்திலேயே இதைப் பேசிவைப்பேன். தாயோ தந்தையோ புகைத்தாலும், அன்று இரவு மது குடித்திருந்தாலும், குழந்தையை ஒரே படுக்கையில் போட்டுத் தூங்கவே கூடாது. அதே அறையில் தனித் தொட்டில். பக்கத்தில் படுக்கவைத்தே வளர்த்த நம் பாட்டிமாருக்கு இது கொடுமையாகத் தெரியும். பாட்டி புகைக்காதவர் என்பதை நினைவூட்டுவேன்.

சுதாவின் மகன் 2.6 கிலோவில் பிறந்தான். முகத்தில் எதுவும் இல்லை. வார்டை விட்டுப் போகும் முன் நான் வற்புறுத்திய ஒரு காரியம், பதினாறு வாரம் வரை மது போனது என்பது குழந்தையின் மருத்துவப் பதிவிலும் எழுதப்பட வேண்டும் என்பது. அவர் மிகவும் தயங்கினார். எழுத்தில் இருந்தால் என்றைக்கும் இருக்குமே என்றார். முகம் சாதாரணமாக இருக்கும் குழந்தைக்கு, தாய் குடித்தது உறுதியாகத் தெரிந்தால்தான் பின்னாளில் மதுவால் வந்த பாதிப்பை நிர்ணயிக்க முடியும் என்று விளக்கினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பையன் பள்ளி போன முதல் வருடம், சொன்னவற்றைக் கேட்கிறான், மறுநாள் எல்லாம் மறந்துவிடுகிறான், தண்டித்தாலும் அதையே செய்கிறான் என்று ஆசிரியை புகார் சொன்னார். அந்தப் பதிவு இருந்ததால் அவனைக் குழந்தை மருத்துவரிடம் நேராக அனுப்பினார்கள். இப்போது வகுப்பில் அவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் தருகிறார்கள், அன்றைய வேலைகளைப் படங்களாகச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். எண்களைவிட மேளம் வாசிப்பதில் அவன் கெட்டிக்காரன் என்று சுதா சொன்னார்.